பந்தய அறிவிப்பும் பிறந்த ஆண்டும்

ஜேர்மனி தேசத்தில் இலையுதிர் காலம் முடிந்து குளிர் இறங்கத் தொடங்கும் நாட்களில், சிற்றூர்களிலும் நகர்ப்புறங்களிலும் உள்ள விளையாட்டுக் கழகங்கள் புல்தரை மைதானங்களை விட்டு மண்டபங்களுக்குள் புகுந்து, அங்கே நடத்தப்போகும் இளையோர் உதைபந்தாட்டச் சுற்றுப்போட்டிகளுக்கான அறிவிப்புகளை அயல் கழகங்களுக்கு அனுப்புகின்றன. அவுஸ்ஷ்ரைபுங் என்று அவர்கள் வழங்கும் அந்த அறிவிப்பு பெரும்பாலும் ஒரே தாளில் அடங்கிவிடும்: எந்த நாள், எந்த மண்டபம், எந்த வயதுப் பிரிவு, ஓர் அணிக்கு எவ்வளவு கட்டணம், பெயர் கொடுக்கக் கடைசி நாள் எது, என்ன விதிகளின் பிரகாரம் ஆட்டம் நடக்கும் என்பனவே அதன் உள்ளடக்கம். ரசம் ததும்பும் எழுத்து எதுவும் அதில் இல்லை. ஆயினும், ஒரு குழந்தை யாருடன் சேர்ந்து விளையாடும், யாரை எதிர்த்து நிற்கும், எத்தனை நிமிஷம் பந்தைத் தொடும், வீட்டுக்கு எந்த மனநிலையோடு திரும்பும் என்பவற்றையெல்லாம் அந்தத் தாள் முன்கூட்டியே பெருமளவு நிர்ணயித்துவிடுகிறது. ஆகையால் அதனை ஒரு சிறு சட்டமாகக் கருதி, ஒவ்வொரு வரியும் என்ன காரணத்தால் அங்கே இடம் பெற்றிருக்கிறது, எங்கே அது தவறிப்போகிறது என்று பொறுமையாக ஆராய்வது தகும் என்று எண்ணுகிறேன்.

இந்தச் சட்டத்தை இயற்றுகிறவர் யார் என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். ஜேர்மனியில் ஏழு பேர் ஒன்று சேர்ந்து விதிமுறை எழுதிக் கையொப்பமிட்டால், நீதிமன்றத்துப் பதிவேட்டில் ஒரு சங்கத்தைப் பதிவு செய்துவிடலாம். ஊர்தோறும் உள்ள விளையாட்டுக் கழகங்களிற் பெரும்பாலானவை அவ்வாறு பதிவான சங்கங்களே. அவற்றில் இளையோர் பிரிவைப் பார்த்துக்கொள்கிறவர் பகலில் வேறொரு தொழில் செய்து, மாலையில் ஊதியமின்றிக் கழகத்துக்கு உழைக்கும் சாமானியர். சென்ற ஆண்டு எந்த விஷயத்தில் சச்சரவு வந்ததோ, அந்த விஷயத்தைப் பற்றி இந்த ஆண்டு அறிவிப்பில் ஒரு வரியைக் கூட்டிவிடுவது அவர் வழக்கம். அதனால், நன்றாக எழுதப்பட்ட ஓர் அறிவிப்பில் காணும் வரிகள் யாவும் முன்பு நிகழ்ந்த ஏதோ ஒரு மனத்தாங்கலுக்குக் கிடைத்த விடைகள் என்று கொள்ளலாம்.

அவற்றுள் தலையாயது வயது பற்றிய வரி. ஜேர்மன் உதைபந்தாட்டச் சம்மேளனத்தின் இளையோர் விதிகள் குழந்தைகளை இரண்டிரண்டு ஆண்டுகளாகப் பிரித்து, மூத்தவர்களுக்கு ஏ என்றும் மிகச் சிறியவர்களுக்கு ஜி என்றும் எழுத்துகளால் குறிக்கின்றன. ஆட்டப் பருவம் ஜூலை முதலாம் தேதி தொடங்குகிறது. ஆனால் வயதைக் கணக்கிடும் எல்லைக்கோடு ஜனவரி முதலாம் தேதி. பருவம் தொடங்குகிற நாட்காட்டி ஆண்டில் ஏழு அல்லது எட்டு வயது நிறைகிற குழந்தை எஃப் பிரிவைச் சேர்ந்தது, ஒன்பது அல்லது பத்து நிறைகிறது ஈ பிரிவைச் சேர்ந்தது, பதினொன்று அல்லது பன்னிரண்டு நிறைகிறது டி பிரிவைச் சேர்ந்தது என்பது விதி. இதன்படி 2025ஆம் ஆண்டு ஜூலையில் தொடங்கி 2026ஆம் ஆண்டு ஜூனில் முடியும் பருவத்தில், 2017, 2018ஆம் ஆண்டுகளில் பிறந்தவர்கள் எஃப் பிரிவினர். 2015, 2016ஆம் ஆண்டுகளில் பிறந்தவர்கள் ஈ பிரிவினர். 2019ஆம் ஆண்டிலும் அதன் பின்னும் பிறந்தவர்கள் ஜி பிரிவினர்.

சொல்லக் கேட்கும்போது இது எளிதாகவே தோன்றுகிறது. சிக்கல் எழுவது ஜனவரி மாதத்தில். மண்டபச் சுற்றுப்போட்டிகள் அதிகமாக நடப்பது அந்த மாதத்திலேதான். நாட்காட்டியில் ஆண்டு மாறிவிட்டது, ஆட்டப் பருவமோ மாறவில்லை. 2017இல் பிறந்த சிறுவன் 2026இல் ஒன்பது வயதை எட்டப்போகிறான் என்று கணக்கிட்ட பெற்றோர், அவன் ஈ பிரிவுக்கு உயர்ந்துவிட்டான் என்று எண்ணிக்கொள்வதும், அவன் ஜூன் இறுதிவரை எஃப் பிரிவினனே என்று கழகத்தார் விளக்குவதும் ஆண்டுதோறும் நிகழ்பவை. அறிவிப்பில் ‘யு-9’ என்று மட்டும் போட்டிருந்தால் குழப்பம் இன்னும் கூடும். ஏனெனில் அந்தக் குறியீடு எல்லா விளையாட்டுக்கும் ஒரே பொருளைத் தருவதில்லை. தடகள விளையாட்டில் நாட்காட்டி ஆண்டே பருவமாதலால், 2016இல் பிறந்த சிறுமி 2026 ஜனவரியில் பத்து வயதினராக எண்ணப்பட்டு, யு-12 பிரிவில் ஓடுவாள். அதே சிறுமி அதே வாரத்தில் உதைபந்தாட்டத்தில் யு-10 என்று அழைக்கப்படுவாள். ஒரே கழகத்தில் இரண்டு விளையாட்டுகளுக்கும் பிள்ளையை அனுப்பும் தாய் எந்த எண்ணை நம்புவது?

இதற்குப் பரிகாரம் மிகச் சுலபமானது. வயதைச் சொல்லாமல் பிறந்த ஆண்டைச் சொல்லிவிடுவதே அது. ‘எஃப் பிரிவு, 2017 மற்றும் 2018இல் பிறந்தவர்கள்’ என்று எழுதிவிட்டால், கணக்குப் போடும் பொறுப்பு படிக்கிறவரை விட்டு நீங்கிவிடுகிறது. பிறந்த ஆண்டு தெரியாத பெற்றோர் உலகத்தில் இல்லை. நல்ல அறிவிப்புகளில் எழுத்தும் ஆண்டும் இரண்டும் இருக்கும். வயது குறைந்த பிள்ளை ஒரு பிரிவு மேலேறி ஆடுவதற்குப் பொதுவாக இடம் உண்டு என்பதையும், மூத்த பிள்ளை கீழிறங்கி ஆடுவதற்கு இடமில்லை என்பதையும் ஒரு வாக்கியத்தில் சேர்த்துவிட்டால், தொலைபேசி விசாரணைகள் பாதியாகக் குறையும்.

ஆனால், வரி தெளிவாக இருப்பதும் அது நியாயமாக இருப்பதும் ஒன்றல்ல. நோர்த்ரைன் வெஸ்ட்பாலியா மாநிலத்தில், காமாட்சி அம்பாள் ஆலயத்தால் நம்மவர்களுக்கு நன்கு அறிமுகமான ஹம் நகரத்தில், ஆரம்பப் பள்ளியின் முதல் வகுப்பில் அருகருகே அமர்ந்திருக்கும் இரண்டு சிறுவர்களைக் கற்பனை செய்துகொள்வோம். அந்த மாநிலத்தில் பள்ளி சேர்வதற்கான எல்லை நாள் செப்டம்பர் 30. ஆகவே 2025ஆம் ஆண்டு முதல் வகுப்பில் சேர்ந்தவர்கள் 2018 அக்டோபர் முதல் 2019 செப்டம்பர் வரை பிறந்தவர்கள். நம் இருவரில் ஒருவன் 2018 நவம்பரிலும் மற்றவன் 2019 மார்ச்சிலும் பிறந்தவர்கள். பள்ளியில் ஒரே வகுப்பு. பந்தய அறிவிப்பின் கண்ணிலோ முன்னவன் எஃப் பிரிவு, பின்னவன் ஜி பிரிவு. அடுத்த பருவத்தில் 2018, 2019 இரண்டும் எஃப் பிரிவுக்குள் வந்துவிடுவதால் இருவரும் சேர்ந்து ஆடுவார்கள். அதற்கடுத்த பருவத்தில் மூத்தவன் ஈ பிரிவுக்குப் போய்விட, மீண்டும் பிரிவார்கள். இப்படி ஓராண்டு சேர்வதும் ஓராண்டு பிரிவதுமாகவே அவர்களுடைய பால்ய காலம் கழியும். பள்ளி ஒரு கோட்டை ஓரிடத்தில் கிழித்திருக்கிறது, விளையாட்டு வேறொரு கோட்டை வேறோரிடத்தில் கிழித்திருக்கிறது. இரண்டுக்கும் நடுவே பிறந்த குழந்தைகள் அக்டோபர், நவம்பர், டிசம்பர் மாதத்தவர்கள். ‘நண்பனோடு விளையாட முடியாவிட்டால் எனக்கு விளையாட்டே வேண்டாம்’ என்று ஆறு வயதுப் பிள்ளை சொல்லும்போது, அதற்குக் காரணமாகிய விதியை அந்தப் பிள்ளைக்கு விளக்க யாராலும் முடியாது. இளைய பிள்ளையை மேலேற்றி ஆடவைக்க விதியில் உள்ள சலுகை மிகவும் பயன்படக்கூடிய சந்தர்ப்பம் இதுவே; பெற்றோர் அதைத் தெரிந்து கேட்க வேண்டும்.

மாதத்தின் பிரச்சினை நட்போடு நின்றுவிடுவதில்லை. இரண்டு ஆண்டுப் பிரிவு ஒன்றில், 2017 ஜனவரி 1இல் பிறந்த குழந்தைக்கும் 2018 டிசம்பர் 31இல் பிறந்த குழந்தைக்கும் இடையே உள்ள வித்தியாசம் இரண்டு ஆண்டுகளுக்கு ஒரு நாள் மட்டுமே குறைவு. 2025 அக்டோபர் மாதத்தில் ஒரு சனிக்கிழமை காலை இந்த இரண்டு குழந்தைகளும் எதிரெதிராக நிற்கிறார்கள் என்றால், ஒருவருக்கு எட்டு வயதும் ஒன்பது மாதமும், மற்றவருக்கு ஆறு வயதும் ஒன்பது மாதமும் நடந்துகொண்டிருக்கும். உயரத்திலும் ஓட்டத்திலும், பந்து எங்கே வரும் என்று ஊகிக்கும் அறிவிலும் அந்த இரண்டு ஆண்டு எத்தகைய தூரம் என்பதைக் குழந்தை வளர்த்தவர்கள் அறிவார்கள். பயிற்சியாளரோ இந்தத் தூரத்தைக் காணாமல், மூத்த குழந்தையிடம் திறமையையும் இளைய குழந்தையிடம் திறமைக் குறைவையும் காண்கிறார், முன்னதை அதிக நேரம் களத்தில் நிறுத்துகிறார், அதிக நேரம் நின்றது மேலும் கற்கிறது, கற்றது தேர்வாகிறது. பிறந்த மாதம் இவ்வாறு மெல்ல மெல்லத் திறமையின் வேஷம் பூண்டுவிடுகிறது.

இது வெறும் ஊகமன்று. கனடாவில் ரோஜர் பார்ன்ஸ்லி என்னும் உளவியலாளரும் அவருடைய துணைவர்களும் பனிக்கட்டி ஹாக்கி வீரர்களின் பிறந்த நாட்களைத் தொகுத்துப் பார்த்து, ஆண்டின் தொடக்க மாதங்களில் பிறந்தவர்களே உயர்தர அணிகளில் மிகுந்திருப்பதை 1985இல் எழுதினார்கள்; அங்கும் எல்லை நாள் ஜனவரி முதலாம் தேதியே. மாதத்திற்கே ஏதோ ஒரு விசேஷம் உண்டோ என்று சோதிடப் பிரியர்கள் கேட்கக்கூடும். அதற்கான மறுமொழி பெல்ஜியத்திலிருந்து வந்தது. அந்நாட்டில் உதைபந்தாட்ட எல்லை நாள் முன்பு ஆகஸ்ட் முதலாம் தேதியாக இருந்து, 1997இல் ஜனவரி முதலாம் தேதிக்கு மாற்றப்பட்டது. வெர்னர் ஹெல்சன் என்னும் ஆய்வாளரும் அவர் கூட்டாளிகளும் மாற்றத்துக்கு முன்னும் பின்னும் இளையோர் அணிகளை ஒப்பிட்டபோது, முன்பு ஆகஸ்ட் மாதத்தையொட்டிப் பிறந்தவர்களுக்குக் கிடைத்துவந்த அனுகூலம், விதி மாறிய பின் ஆண்டின் முதல் மாதங்களில் பிறந்தவர்களிடம் போய்ச் சேர்ந்திருந்தது. குழந்தைகள் மாறவில்லை, மாதங்களும் மாறவில்லை. தாளில் எழுதியிருந்த ஒரு தேதி மட்டுமே மாறிற்று. ஒரு நிர்வாக வரி எவ்வளவு தூரம் மனித வாழ்வுக்குள் ஊடுருவக்கூடும் என்பதற்கு இதைவிடத் தெளிவான நிரூபணம் எனக்குத் தெரியாது.

இங்கே இன்னொரு கூட்டத்தாரையும் நினைவுகூர வேண்டும். பிறந்த நாளுக்குச் சான்று இல்லாமல் அகதிகளாக வந்து சேரும் குழந்தைகளுக்கு, ஆண்டை மட்டும் தெரிந்துகொண்டு ஜனவரி முதலாம் தேதி என்று பதிவது ஐரோப்பிய அலுவலகங்களில் சாதாரணமாக நடக்கும் காரியம். மெய்யாகவே அந்தக் குழந்தை நவம்பரில் பிறந்திருக்கலாம். பதிவேட்டில் அது தன் பிறந்த ஆண்டினருள் ஆக மூத்த பிள்ளை. அதன் உடல் சிறுத்திருப்பதற்குப் பட்டினியும் பிரயாணமும் மட்டுமல்ல, வயதே காரணமாக இருக்கக்கூடும் என்று நினைத்துப் பார்க்கிற பயிற்சியாளர் கிடைப்பது அதன் பாக்கியம்.

எல்லைக்கோடு இல்லாமல் போட்டி நடத்த முடியாது; கோட்டை எங்கே கிழித்தாலும் ஒரு மாதத்தார் கடைசியில் நிற்கத்தான் போகிறார்கள். ஆகையால் கோட்டை நகர்த்துவதைவிட, கோட்டுக்குள் ஆட்டத்தின் வடிவத்தை மாற்றுவதே மெய்யான நிவாரணம் என்று ஜேர்மனியர் கண்டிருக்கிறார்கள். 2022 மார்ச் மாதத்தில் அவர்களுடைய சம்மேளனம் தீர்மானித்து, 2024ஆம் ஆண்டு தொடங்கிய பருவம் முதல் நாடெங்கும் கட்டாயமாக்கிய குழந்தை உதைபந்தாட்டச் சீர்திருத்தத்தில், ஜி, எஃப் பிரிவுகளுக்குப் பழைய வகைச் சுற்றுப்போட்டிக்குப் பதிலாக விளையாட்டு விழா என்ற முறை வந்தது. அதில் ஒரு பெரிய அணி இராது. மூன்று பேர் களத்திலும் ஓரிருவர் வெளியிலுமாகச் சிற்றணிகள் வரும். களங்கள் சிறியவை, நான்கு சிறு கோல்கள் கொண்டவை, வரிசையாக அமைந்தவை. கோல் விழுந்ததும் இரு அணிகளும் ஆளை மாற்றிக்கொள்ள வேண்டுமாதலால், எந்தக் குழந்தையும் நாள் முழுவதும் ஓரத்தில் உட்கார்ந்திருக்காது. ஒவ்வொரு சுற்று முடிவிலும் வென்ற அணி ஒரு களம் மேலேயும் தோற்ற அணி ஒரு களம் கீழேயும் நகரும். இரண்டு மூன்று சுற்றுகளுக்குள் பலத்தில் ஒத்தவர்கள் ஒத்தவர்களோடு ஆடத் தொடங்கிவிடுகிறார்கள். டிசம்பரில் பிறந்த குழந்தை தனக்கு நிகரானவர்களிடையே வந்து சேர்ந்து கோல் போடுகிறது. தரவரிசைப் பட்டியல் எழுதப்படுவதில்லை. இத்தகைய விழாவுக்கான அறிவிப்பைப் படிக்கும் பெற்றோர், கோப்பை யாருக்கு என்ற வரி அதில் இல்லையே என்று ஏமாற்றமடையலாகாது. அந்த வரியை எடுத்துவிட்டதனால்தான் தங்கள் பிள்ளைக்குப் பந்து கிடைத்திருக்கிறது.

கட்டணத்தைப் பற்றிய வரிக்கு இனி வருவோம். டி பிரிவுக்கு, எட்டு அணிகளோடு ஒரு மண்டபப் போட்டி நடத்த ஒரு கழகம் நினைக்கிறது என்று வைத்துக்கொண்டு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். நான்கு நான்காக இரண்டு குழுக்கள். குழுவுக்கு ஆறு ஆட்டமாக மொத்தம் பன்னிரண்டு. பின் இரண்டு அரையிறுதிகள், ஏழாம் இடத்துக்கும் ஐந்தாம் இடத்துக்கும் மூன்றாம் இடத்துக்கும் ஒவ்வோர் ஆட்டம், இறுதியாட்டம் ஒன்று, ஆக ஆறு. மொத்தம் பதினெட்டு ஆட்டங்கள். பத்து நிமிஷ ஆட்டமும் மாறிக்கொள்ள இரண்டு நிமிஷமும் என்றால் 216 நிமிஷம், அதாவது மூன்று மணி முப்பத்தாறு நிமிஷம் மண்டபம் வேண்டும். அணிக்கு முப்பது யூரோ வாங்கினால் 240 யூரோ சேரும். நடுவர்களுக்கான செலவுப்படி, கோப்பைகள், பதக்கங்கள், மண்டபச் செலவு ஆகியவற்றுக்குப் பின் அதில் பெரிய இலாபம் எதுவும் மிஞ்சாது. கழகத்துக்குச் சிறிது பணம் கிடைப்பதெல்லாம் பெற்றோர் வீட்டில் செய்து கொண்டுவரும் கேக்குகளையும் வாசலில் சுடும் இறைச்சிக் குழல்களையும் விற்பதனால்தான். ஆகவே கட்டணம் என்பது பிரதானமாக வருமானத்துக்கு அன்று, வருவதாகச் சொன்னவர்கள் வந்து சேர்வதற்காக விதிக்கப்படுவது.

பெயர் கொடுத்த ஓர் அணி அன்று காலையில் வராமற்போனால் என்ன நேருகிறது என்று பாருங்கள். நான்கு அணிகளின் குழு மூன்றாகச் சுருங்கும்; ஆறு ஆட்டம் மூன்றாகும்; முப்பத்தாறு நிமிஷம் மண்டபம் வெறுமையாகக் கிடக்கும்; மிஞ்சிய மூன்று அணிகளும் ஆளுக்கு ஓர் ஆட்டத்தை இழக்கும். ஐம்பது கிலோமீற்றர் தொலைவிலிருந்து விடியற்காலையில் எழுந்து வந்த பிள்ளைகளுக்குக் குழு ஆட்டம் மூன்றுக்குப் பதில் இரண்டு. இந்தக் காரணத்தால்தான் பல கழகங்கள் கட்டணத்தோடு ஒரு பிணைத்தொகையும் கேட்டு, அணி வந்து கடைசிவரை ஆடிய பின் அதைத் திருப்பித் தருகின்றன. பெயர் கொடுக்கக் கடைசி நாள் என்ற வரியும், பணம் வந்து சேர்ந்த பின்னரே பதிவு செல்லும் என்ற வரியும் இதே கவலையிலிருந்து பிறந்தவை. இன்ன தேதிவரை விலகினால் பணம் திரும்பும், அதன் பின் திரும்பாது, போட்டியையே கழகம் ரத்துச் செய்தால் முழுவதும் திரும்பும் என்ற மூன்றையும் எழுதாத அறிவிப்பு, பின்னால் சச்சரவுக்குத் தானே விதை போட்டுக்கொள்கிறது.

வயது வரிக்கும் கட்டண வரிக்கும் உள்ள சம்பந்தமும் இங்கே புலனாகிறது. இரண்டு ஆண்டுப் பிரிவை உடைத்து, 2013இல் பிறந்தவர்களுக்கு ஒரு போட்டி, 2014இல் பிறந்தவர்களுக்கு ஒரு போட்டி என்று நடத்தினால் குழந்தைகளுக்கிடையிலான தூரம் பாதியாகும். ஆனால் எட்டெட்டாகப் பதினாறு அணிகளைத் திரட்ட வேண்டும், மண்டபம் ஏழு மணி பன்னிரண்டு நிமிஷம் தேவைப்படும், தொண்டர்கள் காலை முதல் மாலைவரை நிற்க வேண்டும். நியாயத்துக்கும் ஒரு செலவு உண்டு. அதை மணிக்கணக்கில் கொடுப்பவர்கள் அந்த ஊதியமில்லாத மனிதர்களே.

அணிக்கு முப்பது யூரோ என்பது பத்துப் பிள்ளைகளுக்குப் பங்கிட்டால் தலைக்கு மூன்று யூரோ. அதுவும் பெரும்பாலும் கழகப் பணத்திலிருந்தே போகும். ஏழைக் குடும்பத்தைத் தடுப்பது பந்தயக் கட்டணமன்று, மாதச் சந்தாவே. அரசின் உதவித்தொகையில் வாழும் குடும்பங்களுக்கும், வீட்டு வாடகைப் படியோ குழந்தைகளுக்கான கூடுதற்படியோ பெறுகிறவர்களுக்கும், பதினெட்டு வயதுக்குட்பட்ட பிள்ளையின் கழகச் சந்தாவுக்காக மாதம் 15 யூரோ அரசே தருகிறது. 2019 ஆகஸ்ட் வரை அது பத்தாக இருந்தது. நம்மவர்களில் பலர் இதைக் கேட்கக் கூச்சப்படுகிறார்கள். சட்டம் கொடுத்த உரிமையைப் பெறுவதில் கௌரவக் குறைவு ஒன்றுமில்லை.

எஞ்சியவை ஆட்ட விதிகள். அவற்றில் இரண்டை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். முதலாவது, விளையாடும் உரிமை. சம்மேளனத்தின் கீழ் நடக்கும் போட்டியில் ஒவ்வொரு பிள்ளையும் தன் கழகத்தின் பெயரில் பதிவான ஆட்ட அனுமதி பெற்றிருக்க வேண்டும். வேறு கழகத்துப் பிள்ளையை விருந்தாளியாக ஆடவைப்பதானால் அந்தக் கழகத்தின் சம்மதம் வேண்டும். சென்னையிலிருந்தோ யாழ்ப்பாணத்திலிருந்தோ புதிதாக வந்து குடியேறிய குடும்பங்கள் இங்கேதான் இடறுகின்றன. பத்து வயது நிறைந்த பிள்ளை ஒரு நாட்டிலிருந்து மற்றொரு நாட்டுக்கு வந்து பதிவு செய்யும்போது, உலகச் சம்மேளன விதிப்படி நாடுகளுக்கிடையிலான அனுமதி நடைமுறை குறுக்கிடும். அது ஒரு வாரத்தில் முடிகிற காரியமன்று. பயிற்சிக்கு வந்துகொண்டே இருக்கும் பிள்ளை பந்தய நாளன்று ஓரத்தில் நிற்க நேர்வது கண்டு, இது நிறத்தைப் பார்த்துச் செய்த பக்ஷபாதமோ என்று மனம் புண்பட்ட பெற்றோரை நான் அறிவேன். பிறப்புச் சான்றிதழையும் குடியிருப்புப் பதிவையும் கழகத்தில் சேர்ந்த முதல் வாரத்திலேயே கொடுத்துவிடுவது இந்தத் துயரத்தைத் தவிர்க்கும்.

இரண்டாவது, புள்ளிகள் சமமாகும்போது யாரை முன்னே வைப்பது என்பது. ஓர் உதாரணம் சொல்கிறேன். ஒரு குழுவில் முதல் அணி இரண்டாம் அணியை 1-0 என்றும் மூன்றாம் அணியை 1-0 என்றும் வென்று, நான்காம் அணியிடம் 0-1 என்று தோற்கிறது. இரண்டாம் அணி மூன்றாம் அணியை 4-0 என்றும் நான்காம் அணியை 3-0 என்றும் வெல்கிறது. மூன்றாம் அணி நான்காம் அணியை வென்றுவிட, முதல் இரண்டு அணிகளுக்கும் தலா ஆறு புள்ளிகள். கோல் வித்தியாசத்தை முதலில் பார்த்தால் ஆறு கோல் மிகையுள்ள இரண்டாம் அணி முதலிடம் பெறும். தமக்குள் ஆடிய ஆட்டத்தை முதலில் பார்த்தால் முதல் அணி பெறும். இரண்டு முறையும் நியாயமானவை, இரண்டும் வழக்கில் உள்ளவை. அறிவிப்பில் முன்கூட்டி எழுதப்படாவிட்டால், எந்த முறையைச் சொன்னாலும் அது அந்த நேரத்தில் யாருக்கோ சாதகமாகக் கண்டுபிடிக்கப்பட்ட முறையாகவே தோன்றும். நடுவர் மேசையருகே பெரியவர்கள் குரலை உயர்த்தும் காட்சி குழந்தைகளின் நினைவில் ஆட்டத்தைவிட ஆழமாகப் பதிந்துவிடும்.

பெரியவர்களின் குரலைப் பற்றியும் ஒரு விதி உண்டு. ஆஹன் நகர்ப் பகுதியில் ரால்ஃப் குளோர் என்பவர் தொடங்கிவைத்து, பின்னர் நாடெங்கும் பரவிய முறைப்படி, மிகச் சிறிய குழந்தைகளின் ஆட்டத்தில் நடுவரே இல்லை. பந்து வெளியே போயிற்றா என்பதைக் குழந்தைகளே முடிவு செய்கிறார்கள். இரு அணிப் பயிற்சியாளர்களும் ஒரே இடத்தில் சேர்ந்து நிற்கிறார்கள். பெற்றோர் களத்திலிருந்து ஏறக்குறைய பதினைந்து மீற்றர் தள்ளி நிற்க வேண்டும். பிள்ளை பந்தை வாங்கும் கணத்தில் ‘அடி, அடி’ என்று தந்தையும் ‘கொடு, கொடு’ என்று பயிற்சியாளரும் கூவினால், அது தன் புத்தியைப் பயன்படுத்த இடமே இல்லை. அந்தப் பதினைந்து மீற்றர் இடைவெளி தந்தையின் அன்பைத் தடுப்பதற்காக விதிக்கப்பட்டதன்று. குழந்தை தானாக முடிவு செய்யும் அரை விநாடியைக் காப்பாற்றுவதற்காக விதிக்கப்பட்டது.

ஜேர்மனியில் தமிழர் அமைப்புகளும் பள்ளிகளும் நம் பிள்ளைகளுக்காக விளையாட்டு விழாக்கள் நடத்துகின்றன, இனியும் நடத்தப்போகின்றன. அவற்றுக்கான அறிவிப்பை எழுதுகிறவர்களிடம், இதுவரை சொன்னவற்றின் சாரமாக, இப்படி ஒரு மாதிரியை வைக்கிறேன்: ‘டி பிரிவு: 2013, 2014இல் பிறந்த சிறுவர், சிறுமியர். 2015இல் பிறந்தவர்கள் பெற்றோர் சம்மதத்துடன் ஆடலாம். 2012இல் பிறந்தவர்கள் ஆட இயலாது. எட்டு அணிகள், ஒவ்வோர் அணிக்கும் குறைந்தது நான்கு ஆட்டங்கள், ஆட்டம் பத்து நிமிஷம். கட்டணம் 30 யூரோ, பிணைத்தொகை 30 யூரோ. பிணைத்தொகை போட்டி முடிந்ததும் கையில் திருப்பித் தரப்படும். டிசம்பர் 15க்குள் விலகினால் முழுப்பணமும் திரும்பும். போட்டி ரத்தானாலும் திரும்பும். புள்ளி சமமானால் முதலில் கோல் வித்தியாசம், அடுத்து அதிகக் கோல், அடுத்துத் தமக்குள் ஆடிய ஆட்டம். பதிவுசெய்த பிள்ளைகள் அனைவரும் ஒவ்வோர் ஆட்டத்திலும் களம் இறங்குவர்.’

கடைசி வாக்கியத்தை மட்டும் எக்காரணம் கொண்டும் விட்டுவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். எல்லைக்கோட்டைக் கிழித்தவர்கள் நாமாக இருக்கையில், அந்தக் கோட்டின் கடைசி ஓரத்தில் பிறந்த பிள்ளைக்கும் பந்து கிடைக்கச் செய்வது நம் கடமை. அதற்குச் சம்மேளனத்தின் தீர்மானமோ மிகுந்த பணமோ தேவையில்லை, அறிவிப்பில் ஒரு வரி போதும்.